பழைய தளபாடம் விற்கும்போது பழுது பார்த்ததைச் சொன்னால் விலை எவ்வளவு இறங்குகிறது? நடந்ததை எழுதுங்கள்

கல்லடிக்காரன்

அம்மம்மா வீட்டில் இருந்த பலாமரப் பெட்டகத்தைக் கொழும்பில் பழம்பொருள் வியாபாரம் செய்கிற ஒருவருக்குக் கொடுத்தோம். நாலரை அடி நீளம், முன்னுக்குப் பித்தளைப் பூட்டுத் தகடு, மூடிக்குப் பித்தளைப் பிணைச்சல். முதலில் போனில் கேட்டார். கை படாத சாமான் என்றால் 3,80,000 தருவேன், ஆனால் வருவதற்கு முன் கண்டிஷன் ரிப்போர்ட் ஒன்று எழுதி அனுப்புங்கள் என்றார்.

நான் பெட்டகத்தைக் கவிழ்த்துப்போட்டு, கண்டதை எல்லாம் எழுதினேன். நாலு காலில் பின்கால் இரண்டும் புதுசு. 78 சூறாவளியில் கூரை போய், பெட்டகம் நாள்கணக்கில் தண்ணீரில் நின்றதில் கால் உக்கிவிட்டது, அப்புறம் ஊர் ஓடாவி ஒருவர் கடைந்து போட்டார். அடிப்பலகை அப்போது மாற்றவில்லை, பிறகு எப்போதோ பிளைவுட் அடித்திருக்கிறார்கள். மூடியிலும் முன்பக்கத்திலும் பழைய பொலிஷைச் சுரண்டி எடுத்துவிட்டுப் பளபளவென்று புது வார்னிஷ் பூசியிருக்கிறது, அது மாமா கலியாண வீட்டுக்குச் செய்தது. மூன்றையும் அளவோடு எழுதி, ஒவ்வொன்றுக்கும் தூரத்திலிருந்து ஒரு படம், கிட்டத்தில் ஒரு படம் எடுத்து வட்ஸ்அப்பில் போட்டேன்.

பதில் ஒரே மெசேஜில் வந்தது. காலுக்கு 20,000, அடிப்பலகைக்கு 15,000, வார்னிஷுக்கு 50,000 கழித்து 2,95,000. வந்து பார்த்தார், அரை மணித்தியாலம் தடவித் தடவிப் பார்த்துவிட்டு அதே காசைத்தான் தந்தார். ஒரு சதமும் பேரம் பேசவில்லை. ஆனால் எனக்கு விளங்காதது ஒன்று இருக்கிறது. பழைய கால் இரண்டு இல்லவே இல்லை, அதற்கு 20,000தான் கழித்தார். பெட்டகத்தை வடிவாக்கப் பூசின வார்னிஷுக்கு ஏன் 50,000? உங்களுக்கும் இப்படி நடந்ததா?

கல்முனை மருமகன்

எங்கள் மாமனார் வீட்டு அலுமாரிக்கு நடந்ததைச் சொல்கிறேன். முதிரை அலுமாரி. வந்தவர் படத்தைப் பார்த்து 2,60,000 என்று சொல்லிவிட்டார். பழுது பார்த்தீர்களா என்று அவர் கேட்கவில்லை, மாமனாரும் வாய் திறக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் மனுசன் கதவைக்கூடத் திறக்கவில்லை, நேரே அலுமாரியைச் சுவரிலிருந்து இழுத்தார். பின்பலகையில் ஒரு பக்கம் பிளைவுட், அதில் கூட்டல்குறி வெட்டுள்ள ஸ்குரூ. அதைக் கண்டதும் 1,40,000 என்றார். மாமனாருக்குக் கோபம். பலகை மாற்ற இருபதாயிரம்கூட முடிந்திருக்காது, லட்சத்துக்கு மேல் எப்படிக் கழிப்பாய் என்று கேட்டார். அதற்கு அவர் சொன்ன பதில் எனக்கு இன்றைக்கும் நினைவில் இருக்கிறது: "ஐயா, நான் பலகைக்குக் கழிக்கல்ல. நீங்க சொல்லாம நானே கண்டது ஒண்டு. காணாதது எத்தனை எண்டு எனக்குத் தெரியாதே, அதுக்குத்தான் கழிக்கிறன்."

மாமனார் கொடுக்கவில்லை. அலுமாரி இன்னும் வீட்டில்தான் நிற்கிறது.

சம்மாந்துறை 77

எல்லாரும் ஏன் கஷ்டப்படுகிறீர்கள்? ஊதா லைட் டோர்ச் ஒன்று வாங்கினால் போதும். ராத்திரியில் அடித்துப் பாருங்கள், செம்மஞ்சளாக ஒளிர்ந்தால் பழைய பொலிஷ், ஒளிராவிட்டால் புதுசு. நான் இரண்டு கதிரை அப்படித்தான் வாங்கினேன்.

ஓடாவி மகன்

காக்கா, பாதி சரி. செம்மஞ்சளாக ஒளிர்வது செலாக், அதாவது அரக்கைச் ஸ்பிரிட்டில் கரைத்துப் போடுகிற பொலிஷ். நூறு வருசத்துக்கு முந்திப் போட்டதும் அப்படித்தான் ஒளிரும், போன கிழமை நான் போட்டதும் அப்படித்தான் ஒளிரும். அதனால் டோர்ச் வயதைச் சொல்லாது. அது நன்றாகக் காட்டுவது வித்தியாசத்தை. முன்பக்கம் முழுக்க ஒரே நிறத்தில் ஒளிர்ந்து, நடுவில் ஒரு கையளவு மட்டும் இருட்டாகவோ வேறு நிறமாகவோ இருந்தால் அந்த இடத்தில் யாரோ கை வைத்திருக்கிறார்கள். விலை குறைந்த டோர்ச்சில் கண்ணுக்குத் தெரிகிற ஊதா வெளிச்சம்தான் அதிகம், அதில் இது சரியாகத் தெரியாது. 365 என்று போட்டிருப்பது நல்லம்.

இனிக் கல்லடி அண்ணன் கேட்டதற்கு வருகிறேன். அப்பாவோடு முப்பது வருசம் பட்டறையில் நின்றவன் என்ற முறையில் சொல்கிறேன், வியாபாரி கணக்கு நியாயமான கணக்குத்தான். பின்கால் இரண்டும் புதுசு என்றாலும் அதைக் கழற்றி, பழைய பலாவில் சரியான அளவுக்குக் கடைந்து போடலாம். அடிப்பலகையும் அப்படித்தான். பெட்டகத்தின் மற்ற உடம்புக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் மூடியைச் சுரண்டினது திரும்பாது. வெட்டின புதிசில் பலா மஞ்சள், வருசக்கணக்கில் வெளிச்சமும் காற்றும் கையெண்ணெயும் பட்டுத்தான் அந்தக் கருஞ்சிவப்புக்கு வரும். அந்த நிறம் பலகையின் மேல்தோலில் மட்டும்தான் இருக்கிறது. சீவுளியோ உப்புத்தாளோ ஒருக்கால் போனால், நூறு வருசம் போய்விட்டது. பிறகு சாயம் பூசி ஒப்பேற்றலாம், ஆனால் விளிம்பில் தேய்கிற இடத்தில் மஞ்சள் எட்டிப் பார்க்கும். வாங்குகிறவர் முதலில் மூடி விளிம்பைத்தான் தடவுவார்.

பூசினது என்ன வார்னிஷ் என்பதும் விலையை மாற்றும். பெட்டகத்தின் உட்புறம், பிணைச்சலுக்குக் கீழே என்று கண்ணுக்குத் தெரியாத இடத்தில் பஞ்சில் கொஞ்சம் ஸ்பிரிட் தொட்டு வையுங்கள். செலாக் என்றால் பிசுபிசுத்துப் பஞ்சில் நிறம் வரும், பெட்டகத்துக்குக் கேடில்லாமல் எடுத்துவிடலாம். பாலியூரித்தேன் என்றால் ஒன்றும் நடக்காது, அதை எடுக்கப் போனால் மிச்சத் தோலும் சேர்ந்து வரும். முன்பக்கத்தில் இந்தச் சோதனை செய்து வைக்காதீர்கள், வெள்ளைப் புள்ளி விழுந்தால் அதுவும் ஒரு குறையாக எழுத வேண்டி வரும்.

பசையும் அதே மாதிரி. அப்பா காலத்து வச்சிரப்பசை சூட்டுக்கும் ஈரத்துக்கும் இளகும், மூட்டைக் கழற்றித் திருப்பி ஒட்டலாம். எப்பொக்சி போட்டு இறுக்கின மூட்டைக் கழற்றினால் பலகைதான் உடையும். ரிப்போர்ட்டில் "கால் ஒட்டப்பட்டது" என்று எழுதினால் போதாது, எதனால் ஒட்டினது என்று எழுதினால்தான் வாங்குகிறவருக்குப் பிரயோசனம்.

ஆரையம்பதி அக்கா

எங்கட குத்துவிளக்குக் கதையையும் எழுதுகிறேன், தளபாடம் இல்லை என்று கோபிக்காதீர்கள். கொழுந்தனார் விற்கக் கொண்டுபோகிறார் என்று நானே புளி போட்டு, சாம்பல் போட்டுத் தேய்த்துக் கொடுத்தேன், தங்கமாட்டம் மின்னியது. கடைக்காரர் தூக்கிப் பார்த்துவிட்டு, மேல் அன்னமும் தண்டும் ஒரே விளக்கின் பாகம் இல்லை என்றார். அன்னத்தின் திருகுமரை தண்டில் பாதிதான் இறங்கியது, எங்களுக்கே அப்போதுதான் தெரிந்தது. அது சரி, அதற்குக் குறைத்தார். ஆனால் தேய்த்ததற்கும் குறைத்தார்! தேய்க்காமல் வந்திருந்தால் தண்டின் கறுப்பும் அன்னத்தின் கறுப்பும் ஒன்றா வேறா என்று பார்த்திருப்பேன், இப்போது எல்லாம் ஒரே மினுக்கம், எதையும் நம்ப முடியாது என்றார். வீட்டு விளக்கைத் தேய்க்காமல் எப்படி வைக்கிறது, சொல்லுங்கள்.

ஓடாவி மகன்

அக்கா, வீட்டில் ஏற்றுகிற விளக்கைத் தேய்க்கத்தான் வேண்டும். விற்கப் போகிற விளக்கைத்தான் அப்படியே விடச் சொல்கிறார்கள்.

பாண்டிருப்பு தம்பி

இந்த ரிப்போர்ட்டை எந்தக் கந்தோரில் கொடுப்பது? தொல்லியல் திணைக்களத்திலா, பிரதேச செயலகத்திலா? ஏதும் படிவம் இருக்கிறதா? எங்களிடமும் ஒரு வாங்கு இருக்கிறது.

கல்லடிக்காரன்

தம்பி, இது கந்தோருக்கு இல்லை. விற்கிறவர் வாங்குகிறவருக்கு எழுதுவது. நீங்கள் நினைப்பது வெளிநாட்டுக்குக் கொண்டுபோகிற அனுமதியாக இருக்க வேண்டும். கலாசாரச் சொத்துகள் பற்றி 1988இல் வந்த சட்டத்தின் கீழ் அதற்கு அனுமதிப்பத்திரம் வேண்டும். வாங்குகிறவர் வெளிநாடு என்றால் அதை முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்.

கல்முனை மருமகன்

ஓடாவித் தம்பியிடம் ஒரு கேள்வி. "வயதுக்கேற்ற தேய்மானம், மற்றப்படி நல்ல நிலை" என்று இரண்டு வரியில் எழுதினால் என்ன? பெரிய ஏலக்காரர்களே அப்படித்தான் எழுதுகிறார்கள். நான் இணையத்தில் பார்த்திருக்கிறேன்.

ஓடாவி மகன்

எழுதுகிறார்கள் அண்ணே, ஆனால் அதே ஏலக்காரர்களின் விதியை வாசியுங்கள். குறை எழுதப்படவில்லை என்பதால் குறை இல்லை என்று அர்த்தமில்லை, வாங்குகிறவர் தானே பார்த்துக்கொள்ள வேண்டும் என்று இருக்கும். நாங்கள் வீட்டிலிருந்து விற்கிறவர்கள், அந்த விதி எங்களுக்குக் கை கொடுக்காது. "நல்ல நிலை" என்று வாசித்தவர் மனதுக்குள் ஆகக் கெட்டதை நினைத்துத்தான் விலை சொல்வார். "இடது பின்கால் புதுசு, 1978க்குப் பிறகு போட்டது, பலா, வச்சிரப்பசை, ஆணி இல்லை" என்று வாசித்தவருக்கு அதைத் திருத்த என்ன செலவாகும் என்று தெரியும், அதை மட்டும்தான் கழிப்பார். கல்லடி அண்ணனுக்குக் கிடைத்த 2,95,000 அப்படி வந்ததுதான்.

நாவலடி

இதையெல்லாம் வாசித்துவிட்டுக் கேட்கிறேன். எங்கள் அலுமாரி 2004 சுனாமியில் கடல்தண்ணீர் குடித்தது. காயவைத்து, உப்புப் போகும்வரை நல்ல தண்ணீரால் துடைத்து எடுத்தோம். ஒரு பலகைகூட மாற்றவில்லை, எல்லாம் பழைய பலகை. ஆனால் பின்பக்கத்தில் தண்ணீர் நின்ற உயரத்துக்கு ஒரு கோடு இருக்கிறது, இரும்பாணிகளைச் சுற்றிக் கறுப்பாக ஊறியிருக்கிறது, மாரி காலத்தில் கீழ்ப்பலகையில் வெள்ளையாகப் பூக்கிறது. மகன் சொல்கிறான், பழுது பார்க்கவில்லையே, பிறகு என்னத்தை எழுதுவது என்று. எனக்கு எழுதாமல் கொடுக்க மனமில்லை.

ஓடாவி மகன்

எழுதுங்கள் அண்ணே. பழுது பார்த்ததைவிட முக்கியம் அது. வெள்ளை பூக்கிறது என்றால் உப்பு இன்னும் பலகைக்குள் இருக்கலாம். ஆணி உள்ளுக்குள் துருப்பிடித்துக்கொண்டிருக்கலாம், தூக்கும்போது மூட்டு விடும். கோட்டின் உயரத்தை அளந்து எழுதுங்கள், ஆணிப் படம் போடுங்கள். மேல்பகுதி தண்ணீர் படாதது என்பதையும் எழுதுங்கள், அது உங்களுக்குச் சாதகம்.

சம்மாந்துறை 77

எனக்கு இதில் உடன்பாடில்லை. மட்டக்களப்புக் கரையோரத்துச் சாமானில் பாதி கடல்தண்ணீர் கண்டதுதான், வாங்குகிறவனுக்குத் தெரியும். தானாகக் கேட்டால் சொல்லலாம். நாங்களே எழுதிக் கொடுத்தால் பெரிய தொகையாகக் கழிப்பான்.

நாவலடி

கழிக்கட்டும் காக்கா. எவ்வளவு கழிக்கிறான் என்று பார்த்துவிட்டு, பிடிக்காவிட்டால் கொடுக்காமல் விடலாம். கொழும்புக்கு ஏற்றிய பிறகு கால் கழன்று விழுந்து, அவன் லொறியோடு திருப்பி அனுப்பினால் என்ன செய்வது? இன்றைக்குப் பின்பலகையை அளந்து படம் எடுக்கிறேன். விலை வந்ததும் இங்கேயே போடுகிறேன்.