சின்னத் தாத்தா நின்ற ஊதாத் தெரு

*குடும்பக் குழு: பாளையங்கோட்டைப் பெரிய வீடு*

கண்மணி: பரணில் இருந்த தகரப்பெட்டியில் சின்னத் தாத்தா போட்டோ ஒன்று கிடைத்தது. கலர் போட்டோ. தெரு முழுக்க ஊதாப் பூ. பின்னால் அவர் கையெழுத்தில் "தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னால் வாசலில் எடுத்தது, 1979" என்று இருக்கிறது. எந்த ஊர் என்று எழுதவில்லை. யாருக்காவது தெரியுமா?

முத்து அண்ணன்: இது பெங்களூர்தான். ஜகரண்டா. எங்கள் ஆபீஸ் தெரு இப்படியேதான் இருக்கும். தாத்தா வெளிநாடு போவதற்கு முன்னால் இங்கே கொஞ்ச நாள் இருந்தாரே.

செல்வி சித்தி: காம்பவுண்டு மேலே காகிதப்பூ படர்ந்திருக்கு பாருங்கள். நம் ஊராகக்கூட இருக்கலாம்.

அருணாசலம் மாமா: ஊதாப் பூ என்றால் பூமருதாக இருக்கும். குற்றாலம் பக்கம் நிறைய உண்டு.

வள்ளி அத்தை: மாமா, பூமருது இல்லை. அதற்குப் பெரிய இலை, பூ கசங்கிய காகிதம் மாதிரி நுனியில் கதிராக நிற்கும். கண்மணி, தாத்தா செருப்புப் பக்கத்தில் தரையைப் பெரிதாக்கிப் பார். உதிர்ந்து கிடப்பது சின்னச் சின்னக் குழல், இல்லையா?

கண்மணி: ஆமாம் அத்தை. மணி மாதிரி. தரையே தெரியவில்லை. கிளையில் இலையே இல்லை. வட்டமாய்த் தட்டையாய் ஏதோ காய்ந்து தொங்குகிறது.

வள்ளி அத்தை: அதுதான் ஜகரண்டா நெற்று. முத்து மரத்தைச் சரியாகச் சொன்னான். ஆனால் முத்து, உன் தெருவில் அது எந்த மாதம் பூக்கும்?

முத்து அண்ணன்: மார்ச் சமயம். ஏப்ரலிலும் கொஞ்சம் இருக்கும்.

வள்ளி அத்தை: தீபாவளி ஐப்பசியில் வருகிறது. ஐப்பசியில் இலையை உதிர்த்துவிட்டுத் தெரு முழுக்கப் பூக்கிறது என்றால் அங்கே வசந்தம் அப்போதுதான் வருகிறது. பூமத்திய ரேகைக்குத் தெற்கே, இல்லாவிட்டால் அதை ஒட்டி. தென்னாப்பிரிக்காவில் பிரிட்டோரியா முழுக்க அக்டோபர், நவம்பரில் இப்படித்தான் ஊதாவாகும். கென்யாவின் நைரோபியிலும் அந்தச் சமயம்தான். இந்த மரத்தின் சொந்த ஊர் அர்ஜென்டினா, பொலிவியா பக்கம். பூவுக்காக எல்லா இடத்துக்கும் கொண்டுபோய் நட்டார்கள். அதனால் மரத்தை மட்டும் பார்த்து எந்தக் கண்டம் என்று சொல்ல முடியாது. பின்னால் அந்த ஒரு வரி இல்லாதிருந்தால் பெங்களூர் இல்லை என்று என்னால் அடித்துச் சொல்லியிருக்க முடியாது.

முத்து அண்ணன்: சரி. ஆனால் மரம் என்னதான் சொல்கிறது அப்போது?

வள்ளி அத்தை: கடும் உறைபனி கிடையாது. அப்புறம், வருஷம் முழுக்கப் புழுக்கமும் கிடையாது. சிங்கப்பூர் மாதிரி எப்போதும் ஈரமான இடத்தில் வைத்தால் மரம் வளரும், பூ சொற்பம். கொஞ்சம் மேட்டு நிலம், ஒரு வறண்ட காலம் வேண்டும். காகிதப்பூ இவ்வளவுகூடச் சொல்லாது செல்வி. ஸ்பெயினிலிருந்து நம் வீடு வரை எங்கேயும் இருக்கிறது.

செல்வி சித்தி: அத்தை, நீங்கள் இருக்கும்போதே கேட்டுவிடுகிறேன். கே.டி.சி. நகர் வீட்டில் கொரியன் புல் போட்டோமே, பாதி காய்ந்து வைக்கோல் மாதிரி ஆகிவிட்டது. நோயா?

வள்ளி அத்தை: டேங்க் நிரம்பி வழியும் இடத்தில் எப்படி இருக்கிறது?

செல்வி சித்தி: அங்கே மட்டும் பச்சை.

வள்ளி அத்தை: அப்படியானால் பெரும்பாலும் தண்ணீர் போதவில்லை. மேலாகத் தெளிக்காமல் மண் நனைய விடு. நீ கேட்டதே இந்தப் போட்டோவுக்கும் பொருந்துகிறது. கண்மணி, சுவருக்கு உள்ளே புல்தரை எப்படி, வெளியே ரோட்டோரம் எப்படி?

கண்மணி: உள்ளே நல்ல பச்சை. வெளியே வெளிறிய மஞ்சள். செம்மண் தெரிகிறது.

வள்ளி அத்தை: குளிரில் காயும் புல்லாக இருந்தால் உள்ளேயும் காய்ந்திருக்கும். அருகம்புல் வகைக்கு நல்ல குளிர் வந்துவிட்டால் எவ்வளவு தண்ணீர் விட்டாலும் பழுப்புதான். இங்கே தண்ணீர் விட்ட இடம் பச்சை, விடாத இடம் வைக்கோல். அதனால் இது மழை இல்லாத வறட்சி. ஊரின் மழையைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்றால் வீட்டுத் தோட்டத்தைப் பார்க்கவே கூடாது. அம்பாசமுத்திரத்தில் வயல் பச்சையாக இருப்பதைப் பார்த்து அங்கே அவ்வளவு மழை என்று சொல்வோமா? அது தாமிரபரணிக் கால்வாய்த் தண்ணீர். நாங்குநேரி தாண்டி உடைமரமும் பனையும் நிற்கிற ரோட்டோரம்தான் வானம் என்ன கொடுத்தது என்று சொல்லும்.

முத்து அண்ணன்: தாத்தா கென்யாவில் இரண்டு வருஷம் வாத்தியாராக இருந்தார். அப்புறம் ஜாம்பியாவில் ஐந்து வருஷம். ரோட்டோரம் காய்ந்திருந்தால் ஜாம்பியாதானே?

வள்ளி அத்தை: அவசரப்படாதே. ஜாம்பியாவில் மே முதல் அக்டோபர் வரை மழையே இருக்காது, நவம்பரில்தான் பிடிக்கும். அதற்குப் பொருந்துகிறது. ஆனால் நைரோபியிலும் ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை குறைவு. சின்ன மழைக்காலம் அக்டோபரில் தாமதமாகத் தொடங்கினால் அங்கேயும் புல் இப்படித்தான் இருக்கும். புல்லை வைத்து ஒரு பக்கம் சாயலாம், முடிவு சொல்ல முடியாது. வேறு மரம் ஏதாவது தெரிகிறதா?

கண்மணி: வலது ஓரம் வீட்டுக்குப் பின்னால் அடர்ந்த கரும்பச்சை மரம். இருங்கள், ஸ்கேன் பண்ணி அனுப்புகிறேன்.

கண்மணி: 📷

அருணாசலம் மாமா: மாமரம்! காய் கொத்துக் கொத்தாய்த் தொங்குகிறதே.

வள்ளி அத்தை: நான் தேடிக்கொண்டிருந்தது இதுதான். நைரோபி 1,600 மீட்டருக்கு மேல். மாமரம் அங்கே நிற்கும், ஆனால் அந்தக் குளிரில் இப்படிக் கொத்தாய்க் காய்ப்பது அபூர்வம். ஜாம்பியாவின் லுசாகா சுமார் 1,300 மீட்டர்தான். செப்டம்பர், அக்டோபரில் நல்ல வெயில். வீட்டுக்கு வீடு மாமரம். மழை பிடித்ததும் பழுக்கும்.

அருணாசலம் மாமா: ஐப்பசியில் மாங்காய் என்றால் வெளிநாடாகத்தான் இருக்க வேண்டுமா? நாகர்கோவில் பக்கம் கார்த்திகையிலும் மாங்காய் பறிக்கிறார்களே. நானே வாங்கியிருக்கிறேன்.

வள்ளி அத்தை: நல்ல கேள்வி மாமா. கன்னியாகுமரிப் பக்கம் பருவம் தப்பிக் காய்ப்பது உண்மை. அதனால் மாங்காயை மட்டும் வைத்துப் பூமத்திய ரேகைக்குத் தெற்கே என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் நாகர்கோவில் வெக்கையில் ஜகரண்டா இப்படி ஒரு தெருவையே மூடாது. ஜகரண்டாவுக்குப் போதுமான மேடு, மா காய்க்கப் போதுமான சூடு. இரண்டும் ஒரே வாசலில், அதுவும் ஐப்பசியில். தாத்தா இருந்த இரண்டு நாட்டில் ஜாம்பியாவுக்குத்தான் இது கூடுதலாகப் பொருந்துகிறது.

முத்து அண்ணன்: அப்போ லுசாகா என்று ஆல்பத்தில் எழுதிவிடலாமா?

வள்ளி அத்தை: ஜாம்பியா என்று பென்சிலால் எழுது. லுசாகாவா, கிட்வேயா, வேறு ஊரா என்று மரம் சொல்லாது. அந்த மேட்டுநிலம் முழுக்க இதே மரங்கள்தான்.

முத்து அண்ணன்: தாத்தா கிட்வே என்று சொன்ன மாதிரி ஒரு ஞாபகம். சுரங்கம் இருக்கிற ஊர் என்பார். உறுதியாகத் தெரியவில்லை.

செல்வி சித்தி: அம்மாவிடம் தாத்தா எழுதிய ஏர்மெயில் கடிதங்கள் ஒரு கட்டு இருந்தது. நூல் போட்டுக் கட்டி வைத்திருப்பாள். முத்திரையில் ஊர் பெயர் இருக்குமே?

வள்ளி அத்தை: இருக்கும். 1979 தீபாவளியை ஒட்டி வந்ததைத் தேடு. கடிதத்துக்குள் மழையைப் பற்றி ஏதாவது எழுதியிருந்தால் அந்தப் பக்கத்தையும் போட்டோ எடுத்து அனுப்பு.

செல்வி சித்தி: ஞாயிற்றுக்கிழமை வீரவநல்லூர் போகிறேன். கண்மணி, நீயும் வா, அந்தப் பரணில் எனக்கு ஏற முடியாது.

கண்மணி: காலை பஸ்ஸுக்கே போய்விடலாம் சித்தி.