செம்மண் புழுதியில் அஞ்சடிக் கடைகளைப் படம் பிடித்த கதை

பீடோங் பாலு
மார்ச் மாத வறட்சி. செம்பனை லாரிகள் செம்மண் சாலையில் ஓட, மாலை 7 மணிக்கு எங்கள் பட்டணம் முழுக்க ஆரஞ்சு நிறம். தோட்ட வாசலில் நின்று, சூரியனைப் பார்த்தபடி 200 மி.மீ. லென்சில் எடுத்தேன். காற்று அழகாக ஒளிர்ந்தது. ஆனால் 300 மீட்டர் தள்ளியிருந்த இரண்டு மாடிக் கடைவரிசை வெறும் பழுப்புக் கட்டையாக விழுந்தது. கடை நெற்றியில் சுண்ணாம்பில் புடைத்திருக்கும் ‘1936’ தெரியவே இல்லை. உங்களுக்கும் இப்படி ஆகியிருக்கிறதா?

கமலா
தம்பி, பிள்ளைகளுக்கு முகக்கவசம் போட்டீங்களா? நேற்று காய வைத்த துணியை நான் மறுபடி துவைத்தேன்.

ரவி
போலரைசர் ஃபில்டர் போடுங்கள் அண்ணே. பினாங்கு மலையில் தூரத்துக் கட்டடமெல்லாம் பளிச்சென்று வந்தது.

பழைய ஸ்டூடியோக்காரர்
அங்கே வானம் தெளிவாக இருந்திருக்கும் ரவி. புழுதியில் போலரைசர் அவ்வளவாக உதவாது, வெளிச்சத்தையும் தின்னும். சிக்கல் நின்ற இடத்தில். சூரியன் எதிரே இருந்தால் துகள்கள் ஒளியை நேராகக் கேமராவுக்கே தள்ளும். சுவரோ நிழலில் கிடக்கும். நடுவில் ஒளித் திரை விழுந்த பிறகு ஃபோகஸை என்ன செய்தாலும் எழுத்து வராது.

பாலு, தெற்கே பள்ளித் திடலுக்குப் போய் வடக்கே பாருங்கள். சூரியன் இடப்பக்கம் வரும், தெற்கு பார்த்த கடைச் சுவரை உரசிக்கொண்டு போகும். அப்போதுதான் புடைப்புக்குப் பக்கத்தில் நிழல் விழும். வைட் பேலன்சை 5500Kயில் பூட்டுங்கள். ஆட்டோவில் விட்டால் ஆரஞ்சைக் குறையென்று நினைத்துச் சரிசெய்துவிடும். ராவ் கோப்பாக எடுங்கள்.

பீடோங் பாலு
மறுநாள் போனேன். 7.05க்கு எடுத்ததில் ‘1936’இன் 9 வட்டம் வரை தெரிந்தது, மேல்மாடி மர ஜன்னல் பலகைகளும் எண்ணும்படி வந்தன. ஆனால் காற்றில் அந்தப் பொன் ஒளிர்வு பாதிதான். சரி என்று கிழக்கே நன்றாகத் தள்ளிப் போய்க் கோணத்தை மாற்றி, சூரியன் சட்டத்துக்குச் சற்று வெளியே இருக்கும்படி நின்றேன். லென்சுக்குக் கையால் நிழல் பிடித்தேன். ஒளிர்வும் வந்தது, ‘1936’உம் அழியாமல் நின்றது.

எடிட்டிங்கில்தான் சறுக்கினேன். மூட்டத்தைக் குறைக்கும் டீஹேஸை +60 போட்டதும் கூரை விளிம்பில் வெள்ளைக் கோடு, நிழலில் நீலம். கடைவரிசையை மட்டும் மாஸ்க்கால் தேர்ந்தெடுத்து +15இல் நிறுத்தியபோது புழுதி புழுதியாகவே இருந்தது.

ரவி
2019 புகைமூட்டத்தில் சிவப்பு சேனலை மட்டும் எடுத்துக் கறுப்பு வெள்ளை ஆக்கினேன், கடைப் பலகை படிக்க வந்தது. இதிலும் வருமா?

பழைய ஸ்டூடியோக்காரர்
புகைத்துகள் பொடிசு, நீலத்தைத்தான் அதிகம் சிதறடிக்கும், அதனால் சிவப்பு பிழைக்கும். லாரிப் புழுதி பெரிது, எல்லா நிறத்தையும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி சிதறடிக்கும். பலன் இருக்காது என்றே நினைக்கிறேன், ஆனால் நான் இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்ததில்லை.

பீடோங் பாலு
ராவ் கோப்பு இருக்கிறது, இன்று இரவு சிவப்பு சேனலைப் பிரித்துப் பார்க்கிறேன். கமலா அக்கா, முகக்கவசம் நான்தான் போடவில்லை, இன்னும் இருமுகிறேன்.