பே லேட்டர் ஆப் பாக்கி 1,650, தம்பிக்கு பைக் லோன் ரிஜெக்ட். என்ன பண்றது?

அண்ணன்மாரே அக்காமாரே, தண்டையார்பேட்டைல இருந்து எழுதுறேன். தம்பி ஒரு ஆப்ல 3,000 ரூபாய்க்கு ஷூ வாங்கினான், 3 தவணை, வட்டி இல்லன்னு போட்டிருந்துச்சு. ஆனா பிராசசிங் ஃபீஸ் 99, அதுக்கு 18% ஜிஎஸ்டி, மொத்தம் 117 ரூபாய். முத தவணை அன்னைக்கே கட்டிட்டதால உண்மையான கடன் 2,000 தான், அதுவும் அடுத்த மாசம் 1,000 ஆயிடுது, கணக்கு போட்டா மாசம் கிட்டத்தட்ட 4 வட்டி வருது, நம்ம ஏரியா தண்டல்காரர் மாதிரியே.

கடைசி தவணைக்கு ஆட்டோ டெபிட் வந்தப்ப அக்கவுண்ட்ல காசு இல்ல. பேங்க் பவுன்ஸ் சார்ஜ் தனி, ஆப்காரன் லேட் ஃபீஸ் தனி, இப்ப 1,650 கேக்குறான். சிபில் ரிப்போர்ட்ல ஆப் பேரே இல்ல, பின்னாடி கடன் கொடுத்த ஏதோ ஃபைனான்ஸ் கம்பெனி பேர்ல பர்சனல் லோன்னு இருக்கு, 60 நாள் பாக்கின்னு காட்டுது.

இப்ப ஏஜெண்ட் போன் பண்ணி 1,000 கட்டு முடிச்சுக்கலாம்ங்குறான். அப்படி முடிச்சா ரிப்போர்ட்ல 'Settled'னு விழும், அடுத்த பேங்க்காரன் அத பாத்தாலே யோசிப்பான், அதனால முழுசா கட்டி 'Closed' வாங்கணும்னு நெனைக்கிறேன்.

லேட் ஃபீஸ மட்டும் கொறைக்க சொல்லி, ஆனா 'Closed'னே போட வெச்சவங்க யாராவது இருக்கீங்களா? என்ஓசி ஆப்கிட்ட கேக்கணுமா, ஃபைனான்ஸ் கம்பெனிகிட்டயா? பைக் இல்லாம அவனுக்கு டெலிவரி வேலை நடக்காது, தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.