போன் பேசினா தலைவலி: மைனியும் டிவி ரிமோட்டும்

முக்கூடல்காரன்:
எங்க மைனி பீடி சுத்துதாங்க. அண்ணன் சவுதியில. ராத்திரி போன் வந்தா கை ரெண்டும் இலையிலயும் நூல்லயும் இருக்கும். போனை இடது தோளுக்கும் காதுக்கும் நடுவுல இடுக்கிக்கிட்டே பேசுவாங்க. முடிக்கையில இடது பிடரியில கிளம்புன வலி புருவம் வரைக்கும் ஏறியிருக்கும். வீட்ல எல்லாரும் கதிர்வீச்சுன்னுட்டாங்க. பிசியோ படிச்ச சொந்தக்காரப் பிள்ளை, போனுக்குப் பதிலா டிவி ரிமோட்டை இடுக்கிக்கிட்டு பீடி சுத்தச் சொன்னா. அந்தக் கோலம் இன்னும் கண்ணுல நிக்கு. அரை மணியில அதே பக்கம், அதே வலி. ரிமோட்ல யாரு பேசினா?

தாழையூத்து ராசா:
ரிமோட்டை வச்சா முடிவு கட்டுதீய? எங்க வீட்ல சிக்னல் ஒரு கோடுதான். கோடு குறைஞ்சா டவரை எட்டுறதுக்கு போன் கூடுதல் சக்தி எடுக்கும், காது சுட்டுரும். பின்னால கதிர் தடுக்கிற ஸ்டிக்கர் ஒட்டினேன், வலி பாதியாயிட்டு.

பாளை பிசியோ:
சிக்னல் விஷயம் சரிதான் அண்ணாச்சி. ஆனா ஸ்டிக்கர் நெசமாவே அலையைத் தடுத்தா போன் இன்னும் கூடல்லா சக்தி எடுக்கணும்? சூடு பெரும்பாலும் பேட்டரியும் உள்ள இருக்க சர்க்யூட்டும்.

நார்வேயில ஒரு சோதனை, 2007-ல வெளிவந்தது. போன் பேசினா தலை வலிக்குன்னு சொன்ன 17 பேரை உட்காரவச்சு, அரை மணி நேரம் தலைப்பக்கம் அலையை விட்டாங்க. இன்னொரு தடவை அலையே இல்லாம சும்மா. எது எதுன்னு நடத்துனவங்களுக்கே தெரியாது. ரெண்டுலயும் வலி வந்துது. சும்மா இருந்தப்போ சராசரி ஒரு துளி கூடுதல்னே சொல்லலாம். வலி பொய்யில்ல, வரும்னு நினைச்சு உட்கார்ந்தாலே வரும். ஸ்டிக்கர் ஒட்டினா குறையுறதும் அதே கணக்குதான். பல வருஷ விளைவுக்கு இந்தச் சோதனை பதில் சொல்லாது.

மைனிக்கு வேற சங்கதி. கழுத்தின் மேல்பக்க நரம்பும் முகத்து நரம்பும் தண்டுவடத்தோட மேல்பகுதியில ஒரே இடத்துல சேருது. பிடரி இறுகினா புருவத்துல வலிக்கிற மாதிரி தெரியும். பிடரியை அழுத்தினா அதே வலி எழும்புதா, ஒரு பக்கம் கழுத்து திரும்ப மாட்டேங்குதான்னு பாருங்க. குமட்டலும் வெளிச்சக் கூச்சமும் இருந்தா ஒத்தைத் தலைவலியாவும் இருக்கலாம்.

அம்பை டீச்சர்:
எனக்கு ஹெட்போன் நெத்திப்பொட்டைப் பிடிக்கும், அவ்வளவுதான். ஆனா மைனிக்கு ஒண்ணு சொல்லணும். தட்டை மடியில வச்சுக் குனியாதீங்க, மனை போட்டு உசத்துங்க. போனை ஸ்பீக்கர்ல போடுங்க. நடுவுல எந்திரிச்சு தண்ணி குடிங்க. சாப்பிடாம பேச உட்காராதீங்க. தலைவலி மாத்திரையை மாசத்துல பாதி நாளைக்கு மேல போட்டா மாத்திரையே தலைவலியைக் கொண்டாந்துரும். பல்லைக் கடிச்சுக்கிட்டு பேசுதாங்களான்னும் கவனிங்க.

முக்கூடல்காரன்:
ஸ்பீக்கரா? "உங்க அண்ணன் பேசுறதைத் தெருவே கேக்கவா?"ன்னுட்டாங்க. ஒயர் இயர்போன் வாங்கிக் குடுத்தாச்சு, பிடரி வலி நல்லாவே குறைஞ்சுட்டு. சீட்டுப் பணம் பத்திப் பேச்சு வர்ற ராத்திரி மட்டும் இயர்போன்லயும் வலிக்காம்.

தாழையூத்து ராசா:
அப்ப ரிமோட்ல வர்ற கதிர் கணக்குல இல்லையா?

பாளை பிசியோ:
பட்டனை அமுக்கினாத்தான் வரும் அண்ணாச்சி. மைனி அமுக்கினாங்களா?

முக்கூடல்காரன்:
டிவி ஓடவே இல்ல. கரண்ட் போயிருந்துது.