கடிதத்தில் இருக்கு, பே ஸ்லிப்பில் இல்லை: இரவு ஷிப்ட், ஆன்-கால் படி நிலுவை பற்றிய அனுபவங்கள்

பேரோல்_மேசை

பேரோல் பக்கம் வந்த ஒரு கேஸ் இன்னும் மனசை விட்டுப் போகல. அதனால எழுதுறேன்.

சர்வர் சப்போர்ட்ல இருந்த ஒரு தம்பி. நியமனக் கடிதத்துல ரெண்டு வரி தெளிவா இருக்கு. இரவு 10 மணிக்கும் காலை 6 மணிக்கும் நடுவுல குறைஞ்சது நாலு மணி நேரம் வர்ற ஷிப்டுக்கு, இரவு ஒன்றுக்கு 300. ஆன்-கால் வாரத்துக்கு 1,500. பதினாலு மாசமா ஒரு காசு வரல. மாசம் பத்து இரவுன்னு 140 இரவுக்கு 42,000, ஆன்-கால் 16 வாரத்துக்கு 24,000, ஆக மொத்தம் 66,000 வேணும்னு ஒரே வரியில மெயில் போட்டார். "பதிவுகளின்படி தகுதி இல்லை"ன்னு ஒரே வரியில பதிலும் போச்சு.

அடுத்த தடவை தேதி தேதியா பட்டியல் போட்டு எடுத்துட்டு வந்தார். எச்.ஆர் அதுல ஒரு தேதியைத் தொட்டு, "இந்த நாள் நீங்க வரவே இல்லையே, வருகைப் பதிவுல ஆப்சென்ட்னு இருக்கே"ன்னாங்க. அவர் அந்த மாசத்து பே ஸ்லிப்பை எடுத்து வச்சார். சம்பளம் பிடிச்ச நாள்: பூஜ்யம். "நான் வரலைன்னா அந்த நாள் சம்பளத்தைப் பிடிச்சிருக்கணுமே மேடம்?" அறையில யாருக்கும் பதில் இல்ல.

நடந்தது இதுதான். அவர் உள்ளே பஞ்ச் பண்ணினது 21:52. வெளியே போனது மறுநாள் 06:10. வருகை மென்பொருள்ல அவர் பேருக்குப் பகல் ஷிப்ட் ஒதுக்கியிருந்தாங்க, அது நள்ளிரவோட நாளை மூடிடும். முதல் நாள்ல உள்ளே வந்த பஞ்ச் மட்டும் இருக்கு, மறுநாள்ல வெளியே போன பஞ்ச் மட்டும் இருக்கு, அதனால ரெண்டுமே ஆப்சென்ட். மாசக் கடைசியில சூப்பர்வைசர் மெயில் போட்டு "வந்தார்"னு சரிபண்ணுவார், முழுச் சம்பளம் போயிடும். ஆனா அப்படிச் சரிபண்ணும்போது ஷிப்ட் குறியீடு ஏறாது. நைட் குறியீடு வந்தாத்தான் பேரோல்ல அலவன்ஸ் ஓடும்.

அடிப்படை சம்பளம், வீட்டு வாடகைப் படி மாதிரி நிலையான தொகை ஒரு தடவை ஏத்தினா மாசாமாசம் தானே ஓடும். நைட், ஆன்-கால் ரெண்டும் அப்படி இல்ல. கட்-ஆஃப் தேதிக்குள்ள யாராவது எண்ணிக்கை அனுப்பணும். அனுப்பலைன்னா பேரோல் கேக்காது, ஏன்னா கடிதம் எச்.ஆர் கோப்புல இருக்கு, பேரோல் கண்ணுலயே படல.

கடைசியில ரோஸ்டரையும் பஞ்சையும் பக்கத்துல பக்கத்துல வச்சு எண்ணினோம். ரோஸ்டர்ல 140 இரவு. அதுல லீவு 9 போச்சு, வேற ஆளுக்கு மாத்திக் கொடுத்தது 6 போச்சு, அவர் மாத்தி வாங்கினது 4 கூடிச்சு. ஆக 129 இரவு, 38,700. ஆன்-கால்ல 14 வாரம் முழுசு, 21,000. மீதி ரெண்டு வாரத்துல ஏழுக்கு நாலு நாள்தான் அவர் பொறுப்பு, வாரத்துக்கு 857 வீதம் 1,714. மொத்தம் 61,414 போட்டாங்க. கேட்டதுல 4,586 குறைஞ்சது. அந்தக் குறையை அவரே பட்டியல்ல காட்டியிருந்தார். அதனால மீதி வரிகள்ல யாரும் சண்டை போடல.

நேர்கோடு

இவ்வளவு மெனக்கெட வேண்டியதே இல்ல. நியமனக் கடிதம் ரெண்டு பக்கமும் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம். ஒரு வக்கீல் நோட்டீஸ் விட்டா பணம் தானா வரும். என் மச்சானுக்கு அப்படித்தான் வந்தது. வேலை பார்த்ததை நிரூபிக்க வேண்டியது கம்பெனிதான், நாம இல்ல.

வார்டு_டூட்டி

ஆன்-கால்ல கூப்பிட்டு போனா அந்த மணிக்கு தனியா காசு உண்டா இல்லையா, அதைச் சொல்லலையே? எங்க வார்டுல வாரம் பூரா போனைக் கையில வச்சிருந்ததுக்கு ஒரு தொகை, ராத்திரி ரெண்டு மணிக்குக் கூப்பிட்டா அதுக்கு வேறன்னு கடிதத்துல தனித்தனியா இருந்தது. பேரோல்ல ரெண்டுக்கும் ஒரே தலைப்பு. அதனால கூப்பிட்ட ராத்திரிகளுக்கு மட்டும் காசு வரும், சும்மா காத்திருந்த வாரத்துக்கு ஒண்ணும் வராது. "நீங்க வேலையே செய்யலையே"ன்னு பதில் சொன்ன அந்த அக்கவுண்டன்ட் முகம் எனக்கு இன்னும் மறக்கல. காத்திருக்கிறதுக்குத்தானே அந்தப் படியே!

பேரோல்_மேசை

@வார்டு_டூட்டி அக்கா, இந்தத் தம்பியோட கடிதத்துல காத்திருக்கிற தொகை மட்டும்தான். கூப்பிட்டு போன நேரத்தைப் பத்தி ஒரு வார்த்தை இல்ல, அதனால அவரும் கேக்கல. உங்க கடிதத்துல ரெண்டும் இருந்தா ரெண்டு பட்டியல் போடுங்க. காத்திருந்த வாரத்துக்கு ஆதாரம் ரோஸ்டர். கூப்பிட்டதுக்கு ஆதாரம் அழைப்புப் பதிவேடு. ஒரே தாள்ல கலந்து கொடுத்தா சின்னத் தொகையைப் பாஸ் பண்ணிட்டு "தீர்ந்தது"ன்னு மூடிடுவாங்க.

பழைய_சங்கத்தோழர்

நேர்கோடு தம்பி சொல்றதுல பாதி சரி. கடிதம் ஒப்பந்தம்தான், அதுல சந்தேகமே இல்ல. ஆனா கடிதம் சொல்றது விலையை மட்டும். எத்தனை இரவுன்னு கடிதம் சொல்லாது. நோட்டீஸ்ல "பல மாதங்களாக"ன்னு எழுதினா, அவங்க வக்கீல் "எந்த மாதம், எந்தத் தேதி"ன்னு திருப்பிக் கேப்பார், அங்கேயே ஆறு மாசம் ஓடிடும். பதிவேடு வச்சிருக்க வேண்டியது முதலாளி பொறுப்புன்னு பல நாட்டுச் சட்டம் சொல்லுது, உண்மை. ஆனா அவங்ககிட்ட இருக்கிற பதிவேட்டுல நீங்க ஆப்சென்ட்னு இருந்தா? மேல சொன்ன கேஸ் அதுதானே.

சங்கத்துல இருந்தப்ப இந்த மாதிரி எத்தனையோ கோப்பு கையில வந்தது. அதை வச்சுச் சொல்றேன். முதல் மெயில்ல தொகையைக் கேக்காதீங்க. கடிதத்துல இருக்கிற அந்த வரியை அப்படியே எடுத்துப் போட்டு, "இந்தப் படி எந்த மாதத்திலிருந்து எந்தத் தலைப்பில் வழங்கப்படுகிறது?"ன்னு மட்டும் கேளுங்க. பதில் ரெண்டுல ஒண்ணா வரும். "விடுபட்டுவிட்டது"ன்னா உரிமையை ஒத்துக்கிட்டாங்க, இனி எண்ணிக்கை மட்டும்தான் பேச்சு. "கம்பெனி பாலிசிப்படி தகுதி இல்லை"ன்னா, அந்தப் பாலிசியோட நகலையும் அது அமலுக்கு வந்த தேதியையும் கேளுங்க. கடிதம் கொடுத்ததுக்கு அப்புறம் வந்த பாலிசியா இருந்தா, அதுக்கு முந்தின மாதங்களை அது தொடாது.

அடுத்தது ஆதாரம். ராஜினாமா மெயில் போட்ட மறுநாளே சில இடத்துல லாகின் போயிடும். அதுக்கு முன்னாடியே உங்க வருகைப் பதிவு, ரோஸ்டர், பே ஸ்லிப் மூணையும் மாதவாரியா இறக்கி வச்சுக்கோங்க. வாடிக்கையாளர் விவரம் உள்ள டிக்கெட்டை அப்படியே சொந்த மெயிலுக்கு அனுப்பாதீங்க, ரகசிய மீறல்னு அதையே உங்க மேல திருப்புவாங்க. டிக்கெட் எண்ணும் நீங்க மூடின நேரமும் போதும், முழு விவரம் அவங்க சர்வர்லயே இருக்கு.

கடைசிக் கணக்குத் தாள்ல "இனி எந்த நிலுவையும் இல்லை"ன்னு ஒரு வரி இருக்கும். அதை அடிக்காம கையெழுத்துப் போட்டா, நைட் படியும் அதோட போச்சுன்னு வாதம் வரும். "இரவு, ஆன்-கால் படி நிலுவை நீங்கலாக"ன்னு கையால எழுதி, தேதி போட்டு, போட்டோ எடுத்துட்டு அப்புறம் கொடுங்க. இன்னொண்ணு, பேச்சுவார்த்தை நடக்குதுன்னு காலத்தைக் கடத்தாதீங்க. கூலிக் கோரிக்கைக்குக் காலக்கெடு நாட்டுக்கு நாடு வேற, சில இடத்துல மாசக் கணக்குதான். பல இடத்துல ஒவ்வொரு மாத நிலுவைக்கும் அந்தந்த மாதத்துல இருந்தே கெடு ஓடும். நீங்க பொறுமையா மெயில் போட்டுட்டு இருக்கும்போது பழைய மாதங்கள் ஒண்ணொண்ணா உதிரும்.

நேர்கோடு

தோழர், "நீங்கலாக"ன்னு எழுதினா செக்கையே கொடுக்க மாட்டேங்கிறாங்களே, அப்ப?

பழைய_சங்கத்தோழர்

அப்ப கையெழுத்துப் போடாம, "இந்த வரியைத் தவிர மற்ற கணக்கை ஏற்கிறேன், மறுக்கப்படாத தொகையைக் கொடுங்கள்"ன்னு அன்னைக்கே மெயில் போடணும் தம்பி. வீட்டு வாடகை கட்ட வேண்டியவனுக்கு இது கஷ்டம், தெரியும். ஆனா அந்த மெயில் இருந்தா, நாளைக்கு வற்புறுத்தலில் கையெழுத்துப் போட்டேன்னு சொல்றதுக்கு ஒரு பிடி இருக்கும்.

மாலை4மணி

எனக்கு 16:00ல இருந்து 00:30 வரை ஷிப்ட். இது நைட்ல வருமா? ரோஸ்டர்ல 'ஈவினிங்'னு இருக்கு.

பேரோல்_மேசை

பெயரைப் பார்க்காதீங்க, கடிதத்துல இருக்கிற வரையறையைப் பாருங்க. மேல சொன்ன கடிதத்துப்படி உங்களுக்கு இரவு நேரம் 22:00 முதல் 00:30 வரை ரெண்டரை மணிதான், நாலு வேணும், வராது. சில கடிதத்துல "நள்ளிரவைத் தாண்டும் ஷிப்ட்"னு மட்டும் இருக்கும், அங்க வரும். எக்செல்ல B பத்தியில உள்ளே வந்த நேரம், C பத்தியில வெளியே போன நேரம் வச்சு இதைப் போடுங்க:

```
=MOD(MIN(C2,TIME(6,0,0))-MAX(B2,TIME(22,0,0)),1)*24
```

நள்ளிரவுக்கு முன்னாடி தொடங்கி மறுநாள் முடியிற வரிகளுக்கு மட்டும்தான் இது சரி. பகல் ஷிப்ட் வரியில போட்டா 8 மணி நேரம்னு தப்பா காட்டும், அதை அப்படியே கொடுத்தா பட்டியல் மொத்தமும் நம்பிக்கை இழந்துடும். தேதியையும் ஷிப்ட் தொடங்கின நாளுக்கே எழுதுங்க. மாசக் கடைசி இரவை ஒரு தடவை இந்த மாசத்துலயும் இன்னொரு தடவை அடுத்த மாசத்துலயும் எண்ணிடுவாங்க, சரிபார்க்கிறவங்க முதல்ல பார்க்கிற இடம் அதுதான்.

பணம் வரும்போது "இதர"ன்னு ஒரே தொகையாப் போட விடாதீங்க. நிலுவைன்னு தனி வரி, கூடவே மாதவாரிப் பிரிப்பு கேளுங்க. மொத்தமா வந்தா அந்த மாசம் வரி கூடப் பிடிக்கும். பழைய வருஷத்துக்குப் பிரிச்சுக் காட்டிச் சலுகை கேக்க வழி இருக்கிற நாடுகள்ல, அந்தப் பிரிப்பு இல்லாம கேக்க முடியாது.

இரண்டாம்_கடிதம்

என் கேள்வி வேற. நடுவுல பதவி உயர்வு. புதுக் கடிதத்துல "முந்தைய நிபந்தனைகள் அனைத்தும் இதனால் மாற்றப்படுகின்றன"ன்னு ஒரு வரி. அதுல நைட் படி பத்திப் பேச்சே இல்ல. ஆனா நைட் ஷிப்ட் தொடருது.

பழைய_சங்கத்தோழர்

உயர்வு தேதிக்கு முந்தினது பழைய கடிதத்துப்படி பாக்கிதான், அதைப் புதுக் கடிதம் அழிக்காது. அதுக்கப்புறமும் வேலை அதே மாதிரி இருந்ததால படியும் தொடரணும்னு நான் வாதிடுவேன்.

பேரோல்_மேசை

முதல் பாதி சரி தோழர். ரெண்டாவது பாதியில எனக்கு உடன்பாடு இல்ல. புதுக் கடிதத்துல எல்லாம் மாத்தப்பட்டதுன்னு இருந்து, சம்பளமும் கூடியிருந்தா, "படியையும் சேர்த்துத்தான் உயர்த்தினோம்"ன்னு அவங்க சொல்லுவாங்க. அதே பதவியில இருக்கிற வேற யாருக்காவது நைட் படி போகுதான்னு பாருங்க. போனா உங்க பக்கம் பலம் கூடும்.

இரண்டாம்_கடிதம்

ஒருத்தருக்குப் போகுது. ஆனா அவர் நேரா அந்தப் பதவிக்கே சேர்ந்தவர், அவர் கடிதத்துல அந்த வரி இருக்கு.

பழைய_சங்கத்தோழர்

அப்ப ரெண்டு காலத்தையும் ரெண்டு தனிக் கோரிக்கையா அனுப்புங்க. முதல் காலம் வாதம் இல்லாம தீரட்டும், ரெண்டாவதால அது தேங்கக் கூடாது. அவரோட கடித நகலைக் கேக்காதீங்க, அவருக்குப் பிரச்சனை வரும். "இப்பதவிக்கு இரவுப் படி உண்டா?"ன்னு எச்.ஆர்கிட்ட எழுத்துல கேளுங்க.