சதவீதமா, சூத்திரம் தரும் எண்ணா: எதை எழுதுவது?

அனைவருக்கும் வணக்கம். மேற்படிப்பு விண்ணப்பத்தில் என் மதிப்பெண்களைச் சதவீதமாகக் கேட்கிறார்கள். கடைசிப் பருவத்தின் நான்கு பாடங்களில் 79, 78, 79, 78 பெற்றேன். கிரெடிட் எல்லாவற்றுக்கும் ஒன்றே என்பதால் சராசரி 78.5. ஆனால் எங்கள் முறையில் 70 முதல் 79 வரை எதற்கும் தரப்புள்ளி 8 தான் என்பதால், ஜிபிஏ 8.00 என்றே பதிவாகியுள்ளது. பட்டியலின் பின்பக்கத்தில் அச்சிட்டுள்ள சூத்திரப்படி அதைத் திரும்பச் சதவீதமாக்கினால்:

```
(8.00 - 0.75) × 10 = 72.5
```

ஆறு சதவீதம் காணாமல் போகிறது. நான்கிலும் 70 வாங்கியவருக்கோ, வேடிக்கையாக, இரண்டரை கூடுகிறது. ஒவ்வொரு பாடத்தின் மதிப்பெண்ணும் பட்டியலில் இருக்கும்போது, 78.5 என எழுதினால் சரிபார்ப்பில் முரண்பாடாகக் கருதுவார்களா, அல்லது சூத்திரம் தரும் 72.5ஐத்தான் எழுத வேண்டுமா? இத்தகைய விண்ணப்பங்களைச் சரிபார்த்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.