கலைச்சொல்: சமவாய்ப்பு மரத்தில் கணுவின் ஆழம்

மொழிபெயர்ப்பாளர்: இருமத் தேடல் மரத்தைப் பற்றி ஒரு பாடம் எழுதுகிறேன். n திறவுகளைக் கலைத்துப் போட்டு ஒவ்வொன்றாகச் செருகினால் ஒரு கணு சராசரியாக எவ்வளவு ஆழத்தில் இருக்கும்? விடை சுமார் 2 ln n. இந்த ஆழத்துக்கு ‘சமவாய்ப்பு மர ஆழம்’ என்று எழுதலாமா?

நிரல்காரன்: எழுதலாம். மரத்தின் உயரமே 2 ln n தானே, ‘உயரம்’ என்றே போட்டால் இன்னும் எளிது.

கணக்காசிரியர்: இல்லை தம்பி. உயரம் என்பது மிக ஆழமான கணுவின் ஆழம். n பெரிதாகும்போது அது சுமார் 4.311 ln n. 1986-இல் டெவ்ராய் நிறுவியது. கேட்டிருப்பது ஒரு கணுவின் ஆழம். i, j என்ற இரண்டு திறவுகளை எடுத்துக்கொள்ளுங்கள். அவை இரண்டும் அவற்றுக்கு இடைப்பட்டவையும் சேர்ந்த கூட்டத்தில் j முதலில் நுழைந்தால்தான் அது i-க்கு மூதாதை ஆகும். பக்கத்துத் திறவு என்றால் அதற்கு வாய்ப்பு 1/2, அதற்கு அடுத்தது 1/3, இப்படியே போகும். இடப்பக்கம் கூட்டினால் ஒரு ln n, வலப்பக்கம் ஒரு ln n. மிகச் சிறிய திறவுக்கு ஒரே பக்கம்தான் உண்டு. ஆயிரம் திறவுகளில் அதன் ஆழம் 6.5, நடுவில் உள்ளதற்கு 11.6. எல்லாக் கணுக்களுக்கும் சராசரி 11. ஆனால் 2 ln n சொல்வது 13.8. ஏறக்குறைய 2.85 கழிக்க வேண்டும், அதையும் பாடத்தில் சேர்த்துவிடுங்கள்.

கல்லூரி மாணவி: எனக்கு அப்படி வரவில்லையே ஐயா. 5000 வரிசை எண்களைச் செருகினேன், கடைசி எண் 4999-ஆம் ஆழத்தில் கிடக்கிறது. சூத்திரம் தவறா?

கணக்காசிரியர்: ஏறுவரிசையில் செருகியிருப்பீர்கள் அம்மா. செருகும் முன் பட்டியலைக் கலைத்துப் பாருங்கள். அப்புறம், பெயரில் என் கவலை இதுதான்: ‘சமவாய்ப்பு மரம்’ என்றால் எல்லா மர வடிவங்களுக்கும் சம வாய்ப்பு என்று படித்துவிடுவார்கள். மூன்று திறவுகளுக்கு ஐந்து வடிவங்கள், ஆனால் செருகும் வரிசைகள் ஆறு. 2,1,3 என்ற வரிசையும் 2,3,1 என்ற வரிசையும் ஒரே மரத்தைத் தரும். வரிசைகளுக்குச் சராசரி எடுத்தால் ஆழம் 0.889, வடிவங்களுக்கு எடுத்தால் 0.933. n வளர வளர இரண்டாவது √n அளவுக்குப் போய்விடும், மடக்கையே இராது.

மொழிபெயர்ப்பாளர்: சரி, அப்படியானால் ‘சமவாய்ப்புச் செருகல் மரம்’, ‘கணுவின் எதிர்பார்ப்பு ஆழம்’ என்று இரண்டாகப் பிரிக்கிறேன்.

யாழ்ப்பாணத்து வாசகர்: செருகல் என்பது நல்லது. ஆனால் எங்கள் பாடநூல்களில் ‘எழுமாறு’ தான், ‘சமவாய்ப்பு’ என்றால் எங்கள் பிள்ளைகள் சமச்சீர் மரம் என்று நினைப்பார்கள். ‘எழுமாற்றுச் செருகல் மரம்’ போடுங்கள்.

நிரல்காரன்: ‘சராசரி ஆழம்’ போதாதா? எதிர்பார்ப்பு எதற்கு?

கணக்காசிரியர்: ஒரே மரத்தின் கணுக்களுக்கும் சராசரி உண்டே, எதைச் சொல்கிறோம் என்று எப்படித் தெரியும்? எதிர்பார்ப்பு இருக்கட்டும். சமவாய்ப்பா எழுமாறா என்பதில் எனக்கும் முடிவில்லை. வேர் 0-ஆம் ஆழமா, 1-ஆ என்பதை மட்டும் முதல் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். நான் தந்த எண்கள் எல்லாம் 0 என்று கொண்டவை.